“மறுபடி கிளம்பிட்டான் சிஸ்டர்”: எஸ்.ஓ.எஸ். ஊசியை எடுக்கும் முன் புதுச் செவிலியர் பார்க்க வேண்டியவை

நர்சிங் தேர்வுக்குப் படிக்கும்போது மனநலப் பாடத்தை மூன்று கட்டாகப் பிரித்து வைத்துக்கொள்வோம். நோயாளியிடம் பேசும் முறை ஒரு கட்டு, கொந்தளிப்பில் இருப்பவரை அமைதிப்படுத்துவது இன்னொரு கட்டு, மனநோய் மருந்துகளின் பக்கவிளைவு மூன்றாவது. வார்டில் இந்த மூன்றும் தனித்தனியாக வந்ததே இல்லை. ஒரே ஆளிடம், ஒரே வாரத்துக்குள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டு வரும். மருந்தால் வந்த தவிப்பை நோயின் வெறி என்று நினைத்து, அதே வகை மருந்தையே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவர் வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வரை படிப்படியாகச் சொல்கிறேன். தேர்வில் வரும் மாதிரியான கேள்விகளையும் அந்தந்த இடத்திலேயே வைக்கிறேன்.

ராமேசுவரம் தீவுக்காரர், 24 வயது, விசைப்படகில் போகிறவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் கிடந்தது. மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை, சோறு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணனும் கூடப் படகில் போகும் இரண்டு பேரும் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு கையையும் படகில் கட்டும் நீல நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பின்னாலேயே அம்மா.

வாசலில்: கூட்டத்தைக் குறைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்

அவர் கத்திக்கொண்டிருந்தார். “நேவிக்காரன் என் வலைக்குள்ள மைக் வச்சிருக்கான். நான் பேசுறது பூராம் அங்க கேக்குது. என்னைய விடுங்கடா.” சுற்றி எட்டுப் பத்துப் பேர், ஆளுக்கொரு பக்கம் “சும்மா இருடா”, “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லடா” என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் இருப்பவருக்கு நாலு பக்கமும் குரல் கேட்டால் பயம் இரட்டிப்பாகும். முதலில் வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்பினோம். அண்ணனை மட்டும் அவர் கண்ணில் படும்படி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னோம். அம்மாவை உடன் பணிபுரியும் சிஸ்டர் ஒருவர் ஓரமாக அழைத்துப்போய் விவரம் கேட்கத் தொடங்கினார். பேசுவது ஒரு குரலாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அது என் குரல்.

நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாசலை அவருக்கும் மறிக்கக் கூடாது, உங்களுக்கும் மறிபடக் கூடாது. உங்கள் இரண்டு கையும் அவருக்குத் தெரிய வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். பையில் இருக்கும் கத்தரிக்கோலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் சலைன் ஸ்டாண்டு நின்றால் நகர்த்தச் சொல்லுங்கள். இதெல்லாம் அரை நிமிட வேலை. பேச்சுக்கு நடுவில் செய்தால் அவர் கவனம் அதில் போய்விடும் என்பதால் முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

பேச்சு இப்படிப் போனது.

“தம்பி, நான் இங்க நர்ஸ். உங்கள அடிக்க யாரும் வரல. கை வலிக்குதா?”

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு அழுந்திய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“அவுக்கச் சொல்லு.”

“அவுக்கச் சொல்றேன். அவுத்தா இந்த பெஞ்சுல உக்காருவீங்களா?”

பதில் இல்லை. நானும் பேசவில்லை. பத்துப் பதினைந்து நொடி கழித்து அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடி சொன்னேன். இந்த இடத்தில்தான் புதியவர்கள் அவசரப்பட்டு வேறு வேறு வார்த்தையில் பத்துக் கேள்வி கேட்டுவிடுகிறார்கள். கொந்தளிப்பில் இருக்கும் மூளைக்குச் சின்ன வாக்கியம் ஒன்று உள்ளே போகவே நேரம் வேண்டும். மூன்றாவது முறை சொன்னபோது தலையாட்டினார். அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கையைத் தேய்த்துக்கொண்டார். போதும். சொன்ன சொல்லை நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் கொடுத்தோம், குடித்தார்.

கயிற்றை அவிழ்ப்பது ஆபத்தில்லையா என்று மாணவிகள் கேட்பார்கள். உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவிழ்க்க வேண்டும். கையில் ஆயுதம் உண்டா, யாரையாவது குறிவைத்துப் பாய்கிறாரா, உதவிக்கு ஆள் அருகில் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். அன்றைக்கு வார்டு உதவியாளர் இருவர் கூப்பிடு தூரத்தில், அவர் கண்ணை உறுத்தாமல் நின்றார்கள். ஆனால் கயிற்றோடு வார்டுக்குள் கொண்டுபோவது என்பது கிடையாது. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யலாம். காரணத்தையும் முறையையும் நேரத்தையும் குறிப்பில் எழுத வேண்டும். தண்டனையாகவோ, ஆள் குறைவாக இருக்கிறது என்பதற்காகவோ கட்டக் கூடாது. தேர்வில் “கைகளைக் கட்டுவது” என்பது முதல் நடவடிக்கையாக எந்த விடையில் வந்தாலும், உடனடி ஆபத்து கேள்வியிலேயே சொல்லப்படாதவரை அதைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொந்தளிப்பு என்றால் மனநோய்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அம்மாவிடம் சிஸ்டர் கேட்டவை நான்கு: கடைசியாகக் குடித்தது எப்போது, காய்ச்சல் உண்டா, தலையில் அடி பட்டதா, வலிப்பு வந்ததா. குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்க, வியர்க்க, இல்லாதது தெரிய ஒருவர் வந்தால் அவருடைய பாதையே வேறு. இந்தத் தம்பிக்கு நான்குமே இல்லை. அவர் சம்மதித்ததும் சர்க்கரை, காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்த்தோம். சர்க்கரை இறங்கிக் கத்துகிறவரை மனநோயாளி என்று எழுதிவிடும் ஆபத்து எந்த வார்டிலும் உண்டு.

வலைக்குள் மைக்: நம்பிக்கையை விட்டுவிட்டுப் பயத்தைப் பிடியுங்கள்

இப்போது தேர்வுக் கேள்வி. நோயாளி, “நேவிக்காரன் என் வலைக்குள் மைக் வைத்திருக்கிறான்” என்கிறார். செவிலியரின் பொருத்தமான பதில் எது?

அ) “அப்படியெல்லாம் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.”
ஆ) “ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?”
இ) “எந்த வலை? மைக்கை எங்கே பார்த்தீர்கள்?”
ஈ) “யாரோ எந்நேரமும் உங்களைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றினால் ரொம்பப் பயமாகத்தான் இருக்கும். எனக்கு அந்த மாதிரி எதுவும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் பயந்துபோயிருப்பது தெரிகிறது.”

விடை ஈ. ‘அ’ என்பது வெறும் சமாதானம். மறுக்க மறுக்க அவர் இன்னும் உறுதியாக வாதாடுவார். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி விசாரணை மாதிரி காதில் விழும், காரணம் காட்டச் சொல்லி நெருக்கும். ‘இ’ பரிவாகத் தெரிந்தாலும், நம்பிக்கையின் உள்விவரத்துக்குள் நாமும் போய் அதற்குச் சதை வைத்துவிடுகிறோம். உணர்வை ஏற்றுக்கொண்டு, நம்பிக்கையை ஏற்காமலும் சண்டை போடாமலும் நிற்பதுதான் ஈ.

தேர்வு அதோடு முடிந்துவிடும். ராமேசுவரத்தில் அது முடியாது. ‘நேவிக்காரன் பிடிக்க வருகிறான்’ என்பதை வெளியூரில் படித்துவிட்டு வருகிறவர்கள் உடனே பிரமை நம்பிக்கை என்று எழுதிவிடுவார்கள். இங்கே அது பல வீடுகளில் உண்மை நடப்பு. படகோடு பிடிபட்டவர்கள், இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிற ஊர். அதனால் எழுதும் முன் அண்ணனிடம் கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவர்களுடைய மாமாவின் படகு பிடிபட்டிருந்தது, இவரும் அப்போது அருகில் வேறொரு படகில் இருந்தார். பயத்துக்கு வேர் இருக்கிறது. ஆனால் கரையில் மடித்துக் கிடக்கும் வலைக்குள் மைக், அதன் வழியாக அவர் மனதில் நினைப்பதுகூடக் கேட்கிறது என்பது வேறு. குறிப்பில் இரண்டையும் பிரித்து எழுதினோம்: நடந்தது இது, இப்போது அவர் நம்புவது இது. மருத்துவருக்கு இந்தப் பிரிப்பு ரொம்பப் பயன்பட்டது.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். “மாமா படகு பிடிபட்டத அண்ணன் சொன்னாக. அதெல்லாம் பாத்துட்டு, இப்ப யாரோ ஒட்டுக் கேக்குறான்னு தோணுனா எப்படித் தூக்கம் வரும்? இங்க கதவுகிட்ட எங்க ஆளு ராத்திரி பூராம் இருப்பாரு.” கதவுப் பக்கம் ஆள் இருப்பது உண்மை. உண்மையில்லாத எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘ஊசி போட மாட்டோம்’ என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டு ராத்திரி போட்டீர்களானால் அடுத்த வேளை மாத்திரையைக்கூட உங்கள் கையால் வாங்க மாட்டார்.

“ஊசி வேணாம்”: மறுப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

மருத்துவர் வந்து பார்த்தார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு மறுபடி கத்த ஆரம்பித்தார். இந்த மாதிரி நேரத்தில் நாலு பேர் பிடித்துப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் கேட்டேன்: “ஊசின்னா முன்னாடி எதுவும் ஆச்சா தம்பி?”

“கழுத்து திருகிக்கிச்சு. கண்ணு மேல போயிருச்சு. செத்துருவேன்னு நெனச்சேன்.”

அம்மா அப்போதுதான் சொன்னார். போன வருடம் இதேபோல் தூக்கமில்லாமல் இருந்தபோது ஓரிடத்தில் ஓர் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் தலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே சொருகி நின்றுவிட்டது, நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. “பேயி எறங்கிருச்சுன்னு தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனோம் சிஸ்டர். மருந்தெல்லாம் அன்னைக்கே நிறுத்திட்டோம்.”

போட்டது ஹாலோபெரிடால் தனி ஊசி, வந்தது டிஸ்டோனியா. மனநோய் மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் வரும், இளம் ஆண்களுக்கு அதிகம் வரும். ஹாலோபெரிடாலைத் தனியாக ஊசியாகப் போடும்போது வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் நம் ஊர் வார்டுகளில் ஹாலோபெரிடால் 5 மி.கி.யோடு புரோமெத்தசின் 25 அல்லது 50 மி.கி. சேர்த்துத் தசையில் போடுவார்கள். புரோமெத்தசின் தூக்கமும் தரும், இந்தத் திருகலையும் தடுக்கும். டிஸ்டோனியா வந்துவிட்டால் மருந்தும் அதே புரோமெத்தசின் ஊசிதான். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். அமெரிக்கப் புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் பென்ஸ்ட்ரோபின் என்ற பெயரைத் தேடுவார்கள். தேர்வில் அந்தப் பெயர் விடையாக வரலாம், அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். தொண்டைத் தசை இழுத்து மூச்சு தடைபட்டால் அது உயிர் ஆபத்து. குரல் மாறுகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். தேர்வில் “முதலில் என்ன செய்வீர்கள்” என்று கேட்டால் மூச்சுப்பாதைதான்.

அம்மாவுக்கு நான் இதை எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை மருந்து நிற்பதும் தொடர்வதும் இங்கேதான் முடிவாகிறது. தர்காவுக்குப் போனதைக் குறை சொல்லவில்லை. “அம்மா, நீங்க பாத்தது நெசம். அது அந்த ஊசியால நரம்பு இழுத்துக்கிட்டது. அதுக்கு மாத்து ஊசி இருக்கு. அன்னைக்குக் கொண்டுவந்திருந்தா அரை மணி நேரத்துல சரியாயிருக்கும். துவா ஓதுங்க, மருந்தும் கொடுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.” அவர்கள் கிறித்தவர்கள், ஆனாலும் ஏர்வாடிக்குப் போனவர்கள். இந்தக் கரையில் அது அப்படித்தான்.

மருத்துவர் அந்த ஊசியைத் தவிர்த்தார். தம்பியிடம் இரண்டு வழி சொன்னோம். “மாத்திரையா இப்ப தண்ணியோட போடுறீங்களா, இல்ல அம்மா கொஞ்சம் கஞ்சி குடுத்ததும் போடுறீங்களா?” கஞ்சிக்குப் பிறகு லோராசெபாம் 2 மி.கி., ரிஸ்பெரிடோன் 2 மி.கி. இரண்டும் வாய்வழியாகப் போட்டுக்கொண்டார். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சையும் விழிப்பையும் பார்த்தோம். ஒன்பது மணிக்குத் தூங்கினார். ஆள் பிடிக்கவில்லை, ஊசி இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம்

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

மூன்றாம் நாள் ரிஸ்பெரிடோனைக் காலை 2, இரவு 2 என்று 4 மி.கி.க்கு உயர்த்தினார்கள். வலைக்குள் மைக் பற்றிய பேச்சு குறைந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம், பயிற்சிக்கு வந்திருந்த தங்கை ஒருத்தி ஓடிவந்து சொன்னாள்: “மறுபடி கிளம்பிட்டான் சிஸ்டர். ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான். எஸ்.ஓ.எஸ். போட்டுறலாமா?” தாளில் எஸ்.ஓ.எஸ். ஆக ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் எழுதியிருந்தது. ஆபத்து கைமீறினால் மட்டும், மருத்துவரைக் கேட்டுவிட்டு என்ற குறிப்போடு. அவள் டிரேயைக்கூட எடுத்துவிட்டாள்.

பல வருடத்துக்கு முன்னால் நான் வேறொரு வார்டில் புதிதாக இருந்தபோது இதே காட்சி. அன்றைக்கு நான் போட்டுவிட்டேன். அந்த நோயாளி அமைதியாகவில்லை, ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விடியற்காலையில் வார்டைவிட்டுப் போய்விட்டார். பேருந்து நிறுத்தத்தில் கண்டுபிடித்தோம். “செத்துரலாம்போல இருக்கு, உள்ளுக்குள்ள இருக்கவே முடியல” என்று அழுதார். அவருக்கு வந்தது நோயின் வெறி இல்லை, அகதீசியா. மருந்தால் வந்த தவிப்புக்கு நான் மேலும் அந்த மருந்தையே கொடுத்திருந்தேன். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் அந்தத் தங்கையிடம் டிரேயை வைத்துவிட்டு வரச் சொன்னேன். நாங்கள் செய்தது இது.

தூரத்திலிருந்து முதலில் பார்த்தோம். கத்தவில்லை, யாரையும் முறைக்கவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறார், உட்காருகிறார், உடனே எழுகிறார். நின்றாலும் காலை மாற்றி மாற்றி, படகு ஆடும்போது நிற்பதைப்போல எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறார். தட்டில் சோறு பாதி கிடந்தது. பிறகு பக்கத்தில் போய், “கொஞ்ச நேரம் உக்காருங்க தம்பி” என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரண்டு நிமிடம் காலைப் பார்த்தோம். முழங்கால் துள்ளிக்கொண்டே இருந்தது. அடுத்து இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லிப் பார்த்தோம். பார்ன்ஸ் அளவுகோலில் சொல்லும் முறை இதுதான்: உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடமாவது, நின்ற நிலையில் இரண்டு நிமிடமாவது கவனித்துவிட்டு, அப்புறம் உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்பது.

கேட்கும் விதம் முக்கியம். “பதட்டமா இருக்கா?” என்றால் ஆமாம் என்பார், அதை வைத்து எதுவும் தெரியாது. நான் கேட்டது: “நடக்கணும்னு தோணுறது மனசுலயா, காலுலயா?”

“காலுக்குள்ள. எறும்பு ஊருற மாதிரி... ஊருறதும் இல்ல, என்னமோ முறுக்குது. நடந்தா கொஞ்சம் தேவல. உக்காந்தா தாங்க முடியல சிஸ்டர்.”

“மைக்கு?”

“அதெல்லாம் இப்ப இல்ல. இந்தக் காலத்தான் என்னமோ பண்ணுங்க.”

வேறுபாடு இங்கே தெரிந்துவிடுகிறது. நோயின் கொந்தளிப்பில் அவருடைய கவனம் வெளியே இருக்கும்: யாரோ வருகிறான், யாரோ கேட்கிறான். அகதீசியாவில் தவிப்பு உடம்புக்குள், பெரும்பாலும் காலில் இருக்கும். நடந்தால் கொஞ்சம் இறங்கும், அதைவிட்டுத் தப்பிக்கவே அவர் நடக்கிறார். காலக்கணக்கும் உதவும். மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வரும். இங்கே அளவு கூட்டி இரண்டு நாள். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம், ஆகவே பயமும் நம்பிக்கையும் கூடியிருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்டேன்: “இந்தத் தவிப்புல, செத்துரலாம்னு எதுவும் தோணுச்சா?” கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இவர் இல்லை என்றார். ஆம் என்றால் அந்த நிமிடத்திலிருந்து ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும்.

மருத்துவரைக் கூப்பிட்டு, “அகிடேட்டட்” என்று ஒற்றைச் சொல்லில் சொல்லாமல், பார்த்ததைச் சொன்னோம். அவர் வந்து பார்த்து ரிஸ்பெரிடோனை 3 மி.கி.யாகக் குறைத்தார், புரோப்ரனலால் 10 மி.கி. இரண்டு வேளை எழுதினார். அதைக் கொடுக்கும் முன் நாங்கள் பார்க்க வேண்டியவை: ஆஸ்துமா உண்டா, நாடி எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு. ஆஸ்துமா இல்லை, நாடி 92, அழுத்தம் 118/76. ஆஸ்துமா இருந்தாலோ நாடி 60-க்குக் கீழே இருந்தாலோ கொடுக்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போயிருப்போம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். பக்கவிளைவு என்றதும் கை தானாக டிரைஹெக்சிஃபெனிடிலுக்குப் போகிறது. டிஸ்டோனியாவுக்கும், கை நடுங்கி முகம் இறுகிக் குறுநடை போடும் பார்க்கின்சன் வகைக்கும் அது சரி. அகதீசியாவுக்கு அது பெரிதாகக் கேட்பதில்லை, அங்கே அளவைக் குறைப்பதும் புரோப்ரனலாலும்தான் முதல் விடை. பல மாதம், வருடம் கழித்து வாயையும் நாக்கையும் மெல்லுவதுபோல ஆட்டும் டார்டிவ் டிஸ்கைனீசியாவில் டிரைஹெக்சிஃபெனிடில் நிலைமையை மோசமாக்கவே செய்யும். எப்போது தொடங்கியது என்று கேள்வியில் எழுதியிருக்கும் நாள் கணக்கைப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

வெயிலில் ஒரு எச்சரிக்கை

மே மாதத்து ராமநாதபுரத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வெயில் என்று விட்டுவிடத் தோன்றும். மனநோய் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோடு உடம்பு ஈயக்குழாய்போல விறைத்து, வியர்த்துக்கொட்டி, பேச்சு தடுமாறி, நாடியும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்கினால் அது நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்கிற என்.எம்.எஸ். ஆக இருக்கலாம். அரிது, ஆனால் உயிரை எடுக்கும். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காதீர்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், உடம்பைக் குளிர்வியுங்கள். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றியிருப்பவருக்கு ஆபத்து கூடுதல். டிரைஹெக்சிஃபெனிடில், புரோமெத்தசின் மாதிரி மருந்துகள் வியர்வையைக் குறைப்பதால் கடலில் நாள் முழுக்க நிற்பவருக்கு வெயில் தாக்குவதும் எளிது. இவற்றை எடுப்பவர் படகில் போனால் தண்ணீர் கேனைக் கூடுதலாக எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

குறிப்பில் என்ன எழுதினோம்

அந்தத் தங்கை முதலில் எழுதியது: ‘நோயாளி மீண்டும் கொந்தளிப்பு.’ அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். அவள் எழுதியது: ‘மாலை 5.40. நடந்துகொண்டே இருக்கிறார். இரண்டு நிமிடம் உட்கார முடியவில்லை. நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைக்கிறார். “காலுக்குள்ள முறுக்குது, நடந்தா தேவல” என்கிறார். சத்தம், மிரட்டல் இல்லை. மைக் பற்றிய பயம் இப்போது இல்லை என்கிறார். தற்கொலை எண்ணம் இல்லை. ரிஸ்பெரிடோன் 4 மி.கி. ஆக்கி இரண்டாம் நாள். எஸ்.ஓ.எஸ். கொடுக்கவில்லை. மருத்துவருக்கு 5.50-க்குத் தெரிவிக்கப்பட்டது.’ இரவுப் பணிக்கு வருகிறவருக்கு இதைப் படித்தால் போதும், யாரும் ஊசியைத் தேடப் போவதில்லை.

மாத்திரை தொடங்கியும் முதல் ராத்திரி அவருக்குக் கடினமாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. வராந்தாவில் நடக்கவிட்டு, வார்டு உதவியாளர் அண்ணன் கூடவே நடந்தார். இரண்டு நாளில் தவிப்பு பாதிக்கு மேல் இறங்கியது. ஏழாம் நாள் மத்தியானம் முழுத் தட்டுச் சோறும் மீன் குழம்பும் உட்கார்ந்தே சாப்பிட்டார். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது மருந்துச் சீட்டின் மேல்பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். ‘ஹாலோபெரிடால் தனி ஊசி: டிஸ்டோனியா வந்திருக்கிறது. ரிஸ்பெரிடோன் 4 மி.கி.: அகதீசியா வந்திருக்கிறது.’ எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டச் சொன்னோம். ராத்திரி நேரத்தில் சந்தேகம் வந்தால் கூப்பிட, டெலி மானஸ் எண் 14416-ஐ அண்ணனுடைய போனில் அங்கேயே பதிவு செய்தோம். தம்பி அந்தச் சீட்டை நாலாக மடித்து, மீனவர் அடையாள அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். “கடல்ல நனையாது சிஸ்டர்” என்றார்.